2014-இல் சிலிண்டர் 414 ரூபாய், 2025-இல் 868: விலை நிஜமாகவே ஏறியிருக்கிறதா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மலர்_அம்பத்தூர் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக சமையல் கேஸ் விலையைப் பற்றித்தான் பேச்சு. கொழுந்தனார் சொல்கிறார்: "2014 ஜனவரியில் சிலிண்டர் 414 ரூபாய். இப்போது 868 ரூபாய் 50 காசு. இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது." மாமனார் அதற்கு நேர் எதிர்: "அதே 2014 ஜனவரியில் மானியம் இல்லாத சிலிண்டர் 1241 ரூபாய். இன்று 868. அப்படியானால் குறைந்துதானே இருக்கிறது?" இரண்டு பேருமே பழைய செய்திகளைப் போனில் எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டு விலையுமே பொய்யில்லை என்று தெரிகிறது.

எனக்கு இரண்டு கேள்வி. அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றில்லை. அன்றைக்கு 414 ரூபாய்க்கு வாங்கக்கூடியதை இன்று வாங்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிட்டு அதோடுதானே 868-ஐ ஒப்பிட வேண்டும்? அதை எப்படிச் செய்வது, எந்தக் குறியீட்டை எடுப்பது? இரண்டாவது, 414, 1241 இரண்டில் எதைப் "பழைய விலை" என்று வைத்துக்கொள்வது?

சிலிண்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்றும் 14.2 கிலோ, இன்றும் 14.2 கிலோ. பிஸ்கட் பாக்கெட் மாதிரி விலை அப்படியே இருந்து எடை இளைத்துப் போகிற தொல்லை இதில் இல்லை.

---

வரி_ரவிச்சந்திரன் | 3 ஆகஸ்ட், இரவு 9.40

சுலபம்மா. வருமான வரித் துறை வருடா வருடம் ஒரு பணவீக்கக் குறியீட்டெண் அறிவிக்கிறது. பழைய வீடு, மனை விற்கும்போது வாங்கிய விலையை இன்றைய விலைக்கு உயர்த்திக் காட்ட நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். 2013-14-க்கு 220, 2025-26-க்கு 376.

414-ஐ 376-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் 708 ரூபாய் வரும். இன்று 868. ஆக சுமார் 23 சதவீதம் ஏறியிருக்கிறது. இரண்டு மடங்கு என்பது சரியில்லை, குறைந்திருக்கிறது என்பதும் சரியில்லை. அரசாங்கமே அதிகாரபூர்வமாக வெளியிடும் எண் என்பதால் யாரும் மறுக்க முடியாது.

---

ஓய்வூதியர்_நங்கநல்லூர் | 4 ஆகஸ்ட், காலை 6.25

ரவி சார் காட்டிய முறை சரிதான். பழைய விலையை இன்றைய குறியீட்டால் பெருக்கி, அன்றைய குறியீட்டால் வகுக்க வேண்டும். ஆனால் எடுத்த குறியீடு இந்த வேலைக்கு ஆகாது. வரித் துறையின் அந்த எண் விலைவாசியை முழுதாகக் காட்டுவதில்லை. நகர்ப்புற நுகர்வோர் விலை எவ்வளவு ஏறியதோ அதில் முக்கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வரிச் சட்டமே சொல்கிறது. அதுவும் முந்தைய ஆண்டின் ஏற்றம். மூலதன ஆதாய வரிக்கென்று வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. கடைத்தெரு விலையை அளக்க அதை எடுத்தால் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் விட்டுப்போகும், விட்டுப்போனது சேர்ந்துகொண்டே வரும்.

இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. 2001-02-ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய வரிக் குறியீடு இன்று 376. 2001-ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய தொழிலாளர் விலைக் குறியீடு இந்த ஜூன் மாதத்தில் 417-ஐத் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கியவை இவ்வளவு விலகி நிற்கின்றன.

நான் மத்திய அரசுப் பணியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அகவிலைப்படியே லேபர் பீரோ வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துத்தான் போடப்படுகிறது. மாதா மாதம் வரும், பல ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். அதனால் பழைய விலைகளுக்கு நான் அதையே எடுப்பேன்.

2014 ஜனவரிக்கு அந்த எண் 237. 2025 ஜூனுக்கு 145.0, போன வாரம்தான் வந்தது. இதைப் பார்த்துவிட்டு "விலைவாசி 237-இலிருந்து 145-க்கு இறங்கிவிட்டதா?" என்று கேட்டவர்கள் உண்டு. இறங்கவில்லை. 2020 செப்டம்பரிலிருந்து அடிப்படை ஆண்டை 2001-இலிருந்து 2016-க்கு மாற்றிவிட்டார்கள், அளவுகோலே வேறாகிவிட்டது. புது எண்ணை 2.88-ஆல் பெருக்கினால் பழைய அளவுகோலுக்கு வந்துவிடும். மாற்றத்தை ஒட்டிய இரண்டு மாதங்களைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் பழைய கணக்கில் 338. செப்டம்பரில் புதுக் கணக்கில் 118.1, அதை 2.88-ஆல் பெருக்கினால் 340. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் தொடர்கிறது. இப்படி வந்தால் சரியாக இணைத்திருக்கிறோம் என்று நம்பலாம்.

145-ஐ 2.88-ஆல் பெருக்கினால் 417.6. அதை 237-ஆல் வகுத்தால் 1.762. அதாவது 2014 ஜனவரியின் ஒரு ரூபாய்க்கு இந்த ஜூனில் ஒரு ரூபாய் 76 காசு தேவை.

இன்னொன்றையும் கவனியுங்கள் அம்மா. 414, 1241 இரண்டும் டெல்லி விலை, அன்றைக்குச் செய்தித்தாள்களில் வந்தவை. 868.50 சென்னை விலை. டெல்லிக்கு இன்று 853. வித்தியாசம் 15 ரூபாய் 50 காசுதான் என்றாலும் ஒரே ஊரை ஒரே ஊரோடுதான் ஒப்பிட வேண்டும். டெல்லியையே வைத்துக்கொள்வோம். 414-ஐ 1.762-ஆல் பெருக்கினால் 729 ரூபாய். இன்று 853. ஆக மானிய சிலிண்டரோடு ஒப்பிட்டால் நிஜ ஏற்றம் சுமார் 17 சதவீதம். 1241-ஐ அதே போல உயர்த்தினால் 2187 ரூபாய், அதோடு ஒப்பிட்டால் 853 என்பது பாதிக்கும் கீழே.

இரண்டில் எது என்பதற்கு நிதானமாக எழுத வேண்டும். மாலையில் வருகிறேன்.

---

டீக்கடை_முருகன் | 4 ஆகஸ்ட், காலை 10.50

எல்லோரும் 868, 853 என்று எழுதுகிறீர்கள். ஜூன் மாதம் நான் சிலிண்டருக்குக் கொடுத்தது 1881 ரூபாய், சென்னையில்தான். எனக்கு மட்டும் ஏன் இந்த விலை? டீ விலையை இரண்டு ரூபாய் ஏற்றினால் தினமும் வருகிற ஆள் கூடப் பக்கத்துக் கடைக்குப் போகிறார். விலை ஏறவே இல்லை என்று இங்கே யாராவது முடிவு கட்டிவிடாதீர்கள்.

---

தரவு_செல்வம் | 4 ஆகஸ்ட், காலை 11.35

முருகன் அண்ணா, உங்களுடையது 19 கிலோ வணிக சிலிண்டர். இங்கே பேசுவது வீட்டு சிலிண்டரைப் பற்றி. 1881-ஐ 19-ஆல் வகுத்தால் கிலோ 99 ரூபாய். வீட்டு சிலிண்டர் கிலோ 61 ரூபாய் சொச்சம். உங்களுடையது மாதத்தின் முதல் தேதியில் சந்தையை ஒட்டி மாறும், ஜிஎஸ்டி 18 சதவீதம். வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம்தான், விலையையும் பல மாதம் பிடித்து வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே வாயு, ஆனால் விலை போகிற வழி வேறு. உங்களுக்குத் தனிக் கணக்குதான் போட வேண்டும்.

மலர் அக்காவுக்கு ஒன்று. ஐயா சொன்ன முறையை நான் விரிதாளில் போட்டுப் பார்த்தேன். முதல் கட்டத்தில் பழைய விலை, இரண்டாவதில் அந்த மாதக் குறியீடு (2020 ஆகஸ்ட் வரையிலான பழைய தொடர்), மூன்றாவதில் இன்றைய குறியீடு (புதுத் தொடர்) என்று வைத்தால்:

```
=A2*(C2*2.88)/B2
```

ஆனால் எனக்கு உறுத்துவது 2014 ஜனவரியைத் தொடக்கமாக எடுத்ததுதான். மானியமில்லாத விலை அந்த மாதத்தில்தான் உச்சத்தில் இருந்தது. மலை உச்சியில் நின்று அளந்தால் எந்தப் பக்கமும் இறக்கமாகத்தான் தெரியும். 2020 மே மாதத்தை எடுத்துப் பாருங்கள். டெல்லியில் 581 ரூபாய் 50 காசு. கொரோனா காலம், உலகச் சந்தையில் எண்ணெய், எரிவாயு விலை சரிந்து கிடந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் நின்றதும் அதே மாதம்தான். அதனால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு விலை என்ற குழப்பம் அங்கே இல்லை. குறியீடு 330. உயர்த்தினால் 736 ரூபாய். இன்றைய 853 அதைவிட 16 சதவீதம் அதிகம். அங்கிருந்து 2023-க்கு வந்தால் மார்ச் முதல் ஆகஸ்ட் கடைசி வரை 1103. அந்த ஜூன் மாதக் குறியீட்டை (136.4) வைத்து உயர்த்தினால் இன்றைய பணத்தில் 1170-ஐத் தாண்டுகிறது. அங்கிருந்து பார்த்தால் பெரிய இறக்கம்.

"2014-ஐ விட", "2020-ஐ விட", "2023-ஐ விட" என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை. யார் எந்த மாதத்தைத் தொடக்கமாக எடுக்கிறார் என்று பார்த்தாலே அவர் எதைச் சொல்ல வருகிறார் என்று தெரிந்துவிடும். ஒரு மாதத்தை மட்டும் எடுக்காமல் குறைந்தது ஒரு வருடத்தின் சராசரியை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

---

வரி_ரவிச்சந்திரன் | 4 ஆகஸ்ட், மதியம் 1.20

முக்கால் பங்கு விஷயம் உண்மைதான், ஐயா சொன்னது சரி. இருந்தாலும் பத்துப் பதினொரு வருடத்துக்கு 708-க்கும் 729-க்கும் 21 ரூபாய்தான் வித்தியாசம். சாதாரண ஆளுக்கு அது போதும். நீண்ட காலத்துக்குத்தான் ஆபத்து.

எனக்கு வேறொரு சந்தேகம். விலைக் குறியீட்டுக்குள்ளேயே சமையல் கேஸும் இருக்கிறதே? கேஸ் விலை ஏறினால் குறியீடும் ஏறும். அந்தக் குறியீட்டால் கேஸின் பழைய விலையை உயர்த்தினால், ஏற்றத்தின் ஒரு பகுதியை நாமே மறைத்துவிடுகிறோம் அல்லவா?

---

சரஸ்வதி_அரூர் | 4 ஆகஸ்ட், மாலை 4.05

நான் இவ்வளவு கணக்குப் பார்க்க மாட்டேன். ஒரு சிலிண்டருக்கு எத்தனை நாள் வேலைக்குப் போக வேண்டும் என்று பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் நூறு நாள் வேலைக் கூலியை வைத்துத்தான் எதையும் எண்ணுவோம். 2013-14-இல் நம் மாநிலத்துக்கு அறிவித்த கூலி 148 ரூபாய். இந்த வருடம் 336. அப்போது 414 ரூபாய் சிலிண்டருக்கு 2.8 நாள். இப்போது 868 ரூபாய்க்கு 2.6 நாள். நீங்கள் எல்லாம் 17 சதவீதம் ஏறியது என்கிறீர்கள். இந்தக் கணக்கில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. அறிவிக்கிற கூலி முழுதாகக் கைக்கு வருவதில்லை. வெட்டிய மண்ணை அளந்துதான் போடுவார்கள், அளவு குறைந்தால் கூலியும் குறையும். நூறு நாளும் வேலை கிடைப்பதில்லை. கிடைத்த வேலைக்கும் பணம் எப்போது கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது. 2.6 நாள் என்று தாளில் எழுதலாம். சிலிண்டர்காரர் வரும்போது 868 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டுமே, அது எந்தக் கணக்கில் வருகிறது?

---

ஓய்வூதியர்_நங்கநல்லூர் | 4 ஆகஸ்ட், மாலை 6.50

சரஸ்வதி அம்மா சொன்ன கூலிக் கணக்கு வேறு கேள்விக்கான விடை. நான் போட்டது, மற்ற பொருள்களோடு ஒப்பிட்டால் கேஸ் எவ்வளவு விலை கூடியது என்பதற்கு. அவர் போட்டது, உழைப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதற்கு. அறிவித்த கூலி இரண்டே கால் மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, விலைவாசி 1.76 மடங்கு. அதனால்தான் இரண்டு விடையும் எதிரெதிராக நிற்கின்றன. கைக்கு வரும் கூலி என்று பார்த்தால் அவர் சொல்வது மாதிரி கணக்கே மாறிவிடும். அதற்கு அவரவர் வங்கிப் புத்தகம்தான் சாட்சி.

ரவி சார் கேட்டது நல்ல கேள்வி. இப்போதைய தொடரில் எரிபொருள், விளக்கு என்ற முழுப் பிரிவுக்கே சுமார் 5.5 சதவீத எடைதான். அதில் மின்சாரம், விறகு, மண்ணெண்ணெய் எல்லாம் அடக்கம். கேஸின் பங்கு அதிலும் ஒரு பகுதி. கேஸ் இரு மடங்கானாலும் குறியீட்டை அது பெரிதாக அசைக்காது. ஆகவே நீங்கள் சொல்லும் மறைப்பு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. உணவுக்கு வேறு கதை. அதற்கு 39 சதவீத எடை. அரிசி, காய்கறி, எண்ணெய் மொத்தத்தையும் "உணவுச் செலவு" என்று இதே குறியீட்டால் உயர்த்தினால் நீங்கள் சொன்ன சிக்கல் பெரிதாகவே வரும்.

இனி மலர் அம்மாவின் இரண்டாவது கேள்வி. 414-ஆ, 1241-ஆ? இரண்டுமே ஒரே வீட்டின் விலை. அதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். 2012 செப்டம்பரில் ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 6 மானிய சிலிண்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். 2013 ஜனவரியில் அதை 9 ஆக்கினார்கள். 2014 ஜனவரி 30-ஆம் தேதி 12 ஆக்க முடிவெடுத்தார்கள். ஆக 2014 ஜனவரியில் நீங்கள் வாங்கிய சிலிண்டர் அந்த நிதியாண்டின் எத்தனையாவது என்பதைப் பொறுத்து உங்களுக்கு 414 அல்லது 1241. பத்தாவது சிலிண்டரிலிருந்து விலை மும்மடங்கு.

வருடத்துக்கு 9 அல்லது அதற்குக் கீழே வாங்கிய வீட்டை எடுங்கள். அவர்களுக்கு எல்லாமே 414. இன்றைய பணத்தில் 729. இன்று 853 கொடுக்கிறார்கள் என்றால் 17 சதவீதம் ஏற்றம், உங்கள் கொழுந்தனார் பக்கம். இரண்டு மடங்கு என்பது மட்டும் பொருந்தாது. ஜனவரி முடிவதற்குள் 12 வாங்கிய பெரிய குடும்பத்துக்கு 9 சிலிண்டர் 414 வீதம் 3726, மூன்று சிலிண்டர் 1241 வீதம் 3723. மொத்தம் 7449, சராசரி 621 ரூபாய். இன்றைய பணத்தில் 1094. இன்று 853 என்றால் 22 சதவீதம் குறைவு, மாமனார் பக்கம். 10 வாங்கிய வீட்டுக்குச் சராசரி 497, இன்றைய பணத்தில் 875. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

வருடம் முழுவதும் 1241 இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செல்வம் தம்பி சொன்னது போல அது ஜனவரி உச்சம். முந்தைய மாதங்களில் மானியமில்லாத சிலிண்டர் வாங்கியவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள், அவர்களுக்கு மாமனார் பக்கத்து வாதம் அந்த அளவு இளைக்கும். ஆனால் வரம்பு 9 என்பதால் பத்தாவது சிலிண்டர் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டித்தான் வரும். அதனால் 1241 அவ்வளவு தூரம் தள்ளி நிற்காது.

அடுத்த வருடத்துக்கு வாருங்கள். 2014-15-இல் வரம்பு 12. அதே பெரிய குடும்பம் பன்னிரண்டையும் மானிய விலையில் வாங்கியது. 2014 ஜூனில் குறியீடு 246, அதை வைத்து 414-ஐ உயர்த்தினால் 703. அதோடு ஒப்பிட்டால் இன்றைய 853 என்பது 21 சதவீதம் ஏற்றம். வீடும் அதே, சிலிண்டரும் அதே. ஒரே வருடம் தள்ளிப் பார்த்ததில் "22 சதவீதம் குறைந்தது" என்பது "21 சதவீதம் ஏறியது" ஆகிவிட்டது. இதில் விலைவாசியின் பங்கு கொஞ்சம்தான். மாறியது வரம்பு.

---

வரி_ரவிச்சந்திரன் | 4 ஆகஸ்ட், இரவு 8.15

இதில் எனக்கு உடன்பாடில்லை. மானியம் என்பது யார் பணம்? மக்கள் வரியும் அரசு எண்ணெய் நிறுவனங்களின் வருமானமும்தானே? 414-க்கு வாங்கியபோது மீதியை வேறு வழியில் நாமே கொடுத்தோம். அதனால் சிலிண்டரின் "உண்மையான" பழைய விலை 1241தான். 414 ஒரு சலுகை. சலுகை போய்விட்டது என்று சொல்லலாம், விலை ஏறியது என்று சொல்லக் கூடாது.

---

தரவு_செல்வம் | 4 ஆகஸ்ட், இரவு 8.40

அப்படியானால் இன்றைய 853-ஐயும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் சார். வணிக சிலிண்டர் கிலோ 99 ரூபாய்க்குப் போகும்போது வீட்டு சிலிண்டர் 61 ரூபாய். வரி வித்தியாசத்தைக் கழித்தாலும் பெரிய இடைவெளி மிச்சமிருக்கிறது. அதை யாரோ ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு 1241-ஐ எடுத்துக்கொண்டு இன்றைக்கு அடக்கி வைத்த விலையை எடுத்தால் ஒப்பீடு சாய்ந்துவிடும். அன்றைக்கும் முழு விலை, இன்றைக்கும் முழு விலை. அல்லது அன்றைக்கும் கையிலிருந்து கொடுத்தது, இன்றைக்கும் கையிலிருந்து கொடுத்தது. கலந்து போடாதீர்கள்.

உஜ்வலா இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வருகிறது. அவர்களுக்கு டெல்லியில் 553-தான் அடக்கம். அவர்கள் கணக்கில் 729-இலிருந்து 553. ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் 2014-இல் சிலிண்டரே கிடையாது, அந்தத் திட்டமே 2016 மே மாதம்தான் வந்தது. இல்லாத சிலிண்டரோடு எப்படி ஒப்பிடுவது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

---

சரஸ்வதி_அரூர் | 4 ஆகஸ்ட், இரவு 9.30

என்னுடையது உஜ்வலா இணைப்புதான். 300 ரூபாய் வங்கிக்கு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் முழுத் தொகையையும் கொடுத்த பிறகுதான் வரும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சிலிண்டர் இருக்கிறது, குளிக்கிற வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் விறகில்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சிலிண்டர் வாங்குவார்கள். விலை குறியீட்டில் அடங்கிவிட்டது என்றால், ஏன் வாங்க முடியவில்லை?

---

ஓய்வூதியர்_நங்கநல்லூர் | 5 ஆகஸ்ட், காலை 6.10

சரஸ்வதி அம்மாவின் கேள்விக்குக் குறியீட்டில் விடை கிடையாது. என்னுடைய கணக்கு வாங்கிய சிலிண்டரின் விலையை மட்டும்தான் பேசும். வாங்காமல் விட்ட சிலிண்டர் அதில் வராது. அதற்கு, வருடத்துக்கு ஒரு வீடு எத்தனை சிலிண்டர் எடுக்கிறது என்ற எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரவி சாருக்கும் செல்வம் தம்பிக்கும்: மலர் அம்மா கேட்டது குடும்பச் செலவைப் பற்றி. அதற்குக் கையிலிருந்து கொடுத்த பணம்தான் கணக்கு. நாட்டின் செலவைப் பற்றிக் கேட்டால் முழு விலை. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கேட்டால் கிடைக்காது.

அகவிலைப்படி வாங்குபவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் சொல்கிறேன். எங்கள் கணக்கின் அடிப்படை 2015-ஆம் ஆண்டின் சராசரிக் குறியீடான 261.42. இந்த ஜனவரி முதல் படி 55 சதவீதம். அதன் பொருளே, 2015-இல் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2024-இல் வாங்கச் சுமார் 155 ரூபாய் தேவைப்பட்டது என்பதுதான். 2015-ஆம் ஆண்டின் எந்த பில் கையில் கிடைத்தாலும் ஒன்றரை மடங்கும் கொஞ்சமும் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் இருந்தால் அந்தப் பொருள் விலைவாசியை முந்தியிருக்கிறது. துல்லியம் வேண்டுமானால் அந்தந்த மாதக் குறியீட்டுக்குப் போகலாம்.

---

மலர்_அம்பத்தூர் | 5 ஆகஸ்ட், இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் பழைய கேஸ் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஏஜென்சிக்காரர் தேதி போட்டுக் கையெழுத்திட்ட புத்தகம். 2013 ஏப்ரல் முதல் 2014 மார்ச் வரை எண்ணினோம், 11 சிலிண்டர். கடைசி இரண்டும் ஜனவரியில். புத்தகத்தில் விலை இல்லை, அதனால் ஐயா சொன்ன டெல்லி விலையையே வைத்தோம். 9 சிலிண்டருக்கு 3726, இரண்டுக்கு 2482, மொத்தம் 6208. சராசரி 564 ரூபாய். இன்றைய பணத்தில் 994. இன்றைய டெல்லி விலை 853. ஆக எங்கள் வீட்டுக்கு 14 சதவீதம் குறைந்திருக்கிறது, அந்த ஒரு வருடத்தோடு ஒப்பிட்டால்.

மாமனார் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார். கொழுந்தனார் உடனே அடுத்த வருடப் பக்கத்தைப் புரட்டினார். 2014-15-இல் 10 சிலிண்டர், எல்லாம் வரம்புக்குள். அதில் 21 சதவீதம் ஏற்றம். இரண்டையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம், வாதம் முடியவில்லை. செல்வம் தம்பி சொன்ன மாதிரி நான்கைந்து வருடச் சராசரியாகப் போடலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு நாங்கள் தனியாகக் கொடுப்பது. இரண்டாவது மாடி. 2014-இல் 20 ரூபாய் கொடுத்ததாக மாமியார் சொல்கிறார், இப்போது 50. அது பில்லில் வராது, குறியீட்டிலும் வராது. ஆனால் எங்கள் கையிலிருந்து போவது 868 இல்லை, 918. 20 ரூபாயை 1.762-ஆல் பெருக்கினால் 35 ரூபாய்தான். இதையும் சேர்த்தால் மாமனாரின் 14 சதவீதம் கொஞ்சம் குறைகிறது.

---

டீக்கடை_முருகன் | 6 ஆகஸ்ட், காலை 5.40

நானும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2014 பில்கள் கொஞ்சம் ஆடிட்டரிடம் இருக்கும், எந்த மாதம் என்று கேட்டால்தான் தெரியும். எங்களுக்கு மானியம், வரம்பு எதுவும் கிடையாது, அதனால் ஒரே விலைதான். டீயையும் சேர்த்துப் போடலாமா ஐயா? அப்போது டீ 7 ரூபாய், இப்போது 15. பால், சர்க்கரை, கேஸ், வாடகை நான்கும் தனித்தனியாக எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால் நான் ஏற்றியது அதிகமா குறைவா என்று தெரியும்.

---

ஓய்வூதியர்_நங்கநல்லூர் | 6 ஆகஸ்ட், காலை 6.30

தாராளமாகப் போடலாம். 7 ரூபாயை 1.762-ஆல் பெருக்கினால் 12 ரூபாய் 33 காசு. விலைவாசியை விட நீங்கள் சுமார் இரண்டே முக்கால் ரூபாய் கூடுதலாக ஏற்றியிருக்கிறீர்கள், கிளாஸ் அளவு அன்றும் இன்றும் ஒன்றாக இருந்தால். அளவு குறைந்திருந்தால் மில்லிலிட்டருக்கு என்று மாற்றிப் போடுங்கள். பால் அட்டை, வாடகை ரசீது எது கிடைத்தாலும் அதன் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரிக்கு 237, ஜூனுக்கு 246, டிசம்பருக்கு 253. ஒரே வருடத்துக்குள் 16 புள்ளி ஏறியிருக்கிறது, அதனால் வருடத்தை மட்டும் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் சிலிண்டரை 19-ஆல் வகுத்துக் கிலோ விலையாக வைத்துக்கொண்டு, அந்த மாத எண்ணால் வகுத்து 417.6-ஆல் பெருக்குங்கள். பில் கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.